நடுவில் நிற்பவருக்கு வீடியோ இல்லை

கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் பிரிவுகளும் யூடியூப் பயிற்சியாளர்களும் புதுப் பட்டதாரிகளுக்குப் போட்டுக் காட்டும் நேர்காணல் வீடியோக்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் ‘தவறான நேர்காணல்’. இளைஞர் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறார். சட்டை கசங்கியிருக்கிறது. உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். பேச்சின் நடுவே செல்போன் அடிக்கிறது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி படிக்கும் வகுப்பு என்று ஒப்பிக்கிறார். கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார். சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் தெளிவாகக் கேட்கிறார். அடுத்து ‘சரியான நேர்காணல்’. அதே அறை, அதே அதிகாரி. இந்த இளைஞர் அனுமதி கேட்டு வருகிறார், புன்னகைக்கிறார், நிமிர்ந்து உட்காருகிறார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். தன்னை விரைவாகக் கற்றுக்கொள்பவர் என்றும், குழுவோடு ஒத்துழைப்பவர் என்றும் தடையில்லாத ஆங்கிலத்தில் சொல்கிறார். அதிகாரி திருப்தியாகத் தலையசைக்க, இசையோடு வீடியோ முடிகிறது. தவறையும் சரியையும் அருகருகே வைத்துக் காட்டுவதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை என்பது இதன் பின்னால் உள்ள நம்பிக்கை. ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது என்பதே என் வாதம். ஒப்பிட்டுக் காட்டுவதில் குற்றமில்லை. எந்த இரண்டை ஒப்பிடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஒப்பீடு எப்போது கற்றுத் தரும்? இரண்டுக்கும் இடையே ஒன்று மட்டும் மாறி, மற்றவை அப்படியே இருக்கும்போது. அப்போதுதான் விளைவு மாறியதற்கு எது காரணம் என்று பார்ப்பவருக்குப் பிடிபடும். இந்த வீடியோக்களில் எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன: உடை, உட்காரும் விதம், குரல், ஆங்கிலம், கம்பெனியைப் பற்றிய அறிவு, பதிலின் உள்ளடக்கம். விதை, உரம், நீர் மூன்றையும் ஒரே போகத்தில் மாற்றிவிட்டு, கூடுதலாக விளைந்ததற்கு உரம்தான் காரணம் என்று சொல்லும் விவசாயியை யாரும் நம்பமாட்டார்கள். இங்கே அதைத்தான் பாடம் என்கிறோம். பார்க்கும் மாணவர் தானாகவே ஒரு காரணத்தைப் பொறுக்கிக்கொள்கிறார். கண்ணுக்கு உடனே படுவது எதுவோ அதுவே அவர் பொறுக்குவது: சட்டையும் புன்னகையும் ஆங்கிலமும். பதிலின் உள்ளடக்கம் கண்ணில் படும் பொருளல்ல. நின்று யோசித்தால்தான் தெரியும். வீடியோ நிற்பதில்லை.

இதில் இன்னொரு கேடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தவறான பாத்திரத்துக்குத் தடுமாறும் ஆங்கிலத்தையும் சரியான பாத்திரத்துக்கு நகரத்துச் சரளத்தையும் கொடுத்துவிட்டால், தமிழ் வழியில் படித்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய மாணவி அந்த வீடியோவில் தன்னை எந்தப் பக்கம் அடையாளம் காண்பார்? செல்போனை அணைக்காத அசட்டையும் ஆங்கிலத்தில் சொல் தேடுவதும் ஒரே ஆளின் மேல் ஏற்றப்பட்டிருக்கின்றன. முதலாவது அலட்சியம். இரண்டாவது அலட்சியமல்ல, பலருக்கு அது படித்த பள்ளியின் வரலாறு. இரண்டையும் ஒரே கூடையில் போடும் வீடியோ, திருத்திக்கொள்ளக்கூடிய தவறு எது, வெட்கப்படத் தேவையில்லாத நிலைமை எது என்பதைப் பிரித்துக் காட்டத் தவறுகிறது.

இனி, நேர்காணல் அறையில் உண்மையில் யார் உட்காருகிறார்கள் என்று பார்ப்போம். கேம்பஸ் தேர்வில் நேர்காணல் வரைக்கும் வருபவர் ஏற்கெனவே மதிப்பெண் வரம்பைத் தாண்டியவர்; ஆப்டிட்யூட் தேர்வை எழுதித் தேறியவர்; சில இடங்களில் குழு விவாதத்தையும் கடந்தவர். வீடியோவில் வரும் தவறான இளைஞரைப் போல நடந்துகொள்பவர் அந்தக் கூட்டத்தில் அரிது. சரியான இளைஞரைப் போல எல்லாம் பொருந்தியவரும் அரிது. கவனமாகத் தேர்வு நடத்தும் நிறுவனங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகின்றன. எந்த மாதிரியான பதிலுக்கு ஒன்று, எதற்கு மூன்று, எதற்கு ஐந்து என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதும் உண்டு. அந்தத் தாளின் பார்வையில் வீடியோ காட்டுவது ஒன்றையும் ஐந்தையும். வருபவர்களில் மிகப் பலர் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் இருப்பவர்கள். வேலை கிடைப்பதும் நழுவுவதும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில். அந்த வித்தியாசத்தைத்தான் எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

அது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஓசூர்ப் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மெக்கானிக்கல் பட்டதாரிகளைப் பயிற்சிப் பொறியாளராக எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவரின் ரெஸ்யூமேயில், இறுதியாண்டு புராஜெக்டுக்காக லேத்தில் ஒரு தண்டைக் கடைந்ததாக ஒரு வரி இருக்கிறது. 6205 பேரிங்கில் அது பொருந்த வேண்டும். அந்த பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. கேள்வி கேட்பவர் அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார். “டிராயிங்ல என்ன டாலரன்ஸ் குடுத்திருந்தீங்க?” “25, பிளஸ் ஆர் மைனஸ் 0.01 சார்.” “எதுல அளந்தீங்க?” “வெர்னியர் காலிபர்ல சார்.” “அதோட லீஸ்ட் கவுன்ட்?” “0.02 சார்.” “அப்ப அந்தத் தண்டு சரின்னு எப்படிச் சொன்னீங்க?” நேர்காணல் முடிவாவது இந்தக் கடைசிக் கேள்வியில். இதற்கு முன் நடந்த வணக்கமும் புன்னகையும் இந்த இடத்துக்கு மாணவரைக் கொண்டுவந்து சேர்த்ததோடு தங்கள் வேலையை முடித்துக்கொண்டன.

இப்போது ஒரே மாணவர், அதே உடை, அதே மரியாதை, அதே தடுமாறும் ஆங்கிலம். பதில் மட்டும் இரண்டு வகை. முதல் பதில்: “மூணு தடவ அளந்து சராசரி எடுத்தோம் சார், ரொம்பக் கவனமா செஞ்சோம்.” கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, உழைப்பும் பொறுப்பும் தெரிகின்றன. ஆனால் அனுமதித்த வரம்பு 24.99 முதல் 25.01 வரை, அதாவது மொத்தமே 0.02. அந்த வெர்னியரின் மிகச் சிறிய அளவும் 0.02. வரம்பின் மொத்த அகலமே கருவியின் ஒரு கோட்டு இடைவெளிக்குச் சமமாக இருக்கும்போது, அதைக்கொண்டு மூன்று முறை அளந்தாலும் முப்பது முறை அளந்தாலும் கருவி நுணுக்கமாகிவிடாது. இது மூன்று மதிப்பெண் பதில். இரண்டாவது பதில்: “உறுதியா சொல்ல முடியாது சார். 0.001 வரைக்கும் படிக்கிற மைக்ரோமீட்டர் வேணும், இல்லன்னா கோ, நோ-கோ கேஜ் வேணும். லேப்ல அப்ப கையில இருந்தது வெர்னியர்தான். பேரிங்க போட்டுப் பாத்து, அது உட்கார்ந்த விதத்த வெச்சுதான் ஏத்துக்கிட்டோம்.” வரம்பின் பத்தில் ஒரு பங்கையாவது கருவி படிக்க வேண்டும் என்ற பட்டறை விதி இந்த மாணவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைவிட முக்கியம், தான் செய்த வேலையின் எல்லை எதுவென்று தெரிந்திருக்கிறது. தரக்கட்டுப்பாட்டில் ஆள் எடுப்பவருக்கு வேண்டியது இதுதான். நாளைக்கு இவர் ‘சரி’ என்று கையெழுத்திடும் உதிரிபாகம் ஒரு வண்டியில் ஏறப்போகிறது.

‘சரியான நேர்காணல்’ வீடியோவில் வரும் இளைஞர் இந்த அறையில் என்ன செய்வார்? அவருக்குக் கற்றுக்கொடுத்தது, தெரியாததையும் தன்னம்பிக்கையோடு சொல்வது. ‘அளவில் எந்தப் பிரச்சினையும் வரவில்லை சார், எங்கள் டீம் மிகச் சிறப்பாகச் செய்தது’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அது மூன்று மதிப்பெண்கூட வாங்காது. வீடியோவைக் கவனமாகப் பார்த்து அப்படியே பின்பற்றிய மாணவர், அதைப் பார்க்காதவரைவிடக் கீழே போகிறார். அவரை நொந்து பயனில்லை, பாடம் அப்படி.

வீடியோ பார்ப்பதே ஒரு மாயத்திறமையைத் தந்துவிடும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓ’பிரையன் இருவரும் 2018-இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், டார்ட்டைப் பலகையில் எறிவது, மேல் இருக்கும் பாத்திரங்கள் விழாமல் மேசை விரிப்பை உருவுவது போன்ற திறமைகளின் வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். அதிக முறை பார்த்தவர்கள் தங்களால் செய்ய முடியும் என்று அதிகமாக நம்பினார்கள். டார்ட் எறியச் சொன்னபோது அவர்களின் கை கூடுதலாகத் தேறவில்லை. பார்ப்பது நம்பிக்கையைக் கூட்டியது, திறமையைக் கூட்டவில்லை. நல்லது கெட்டது வீடியோவில் இந்த மாயம் இரட்டிப்பாக வேலை செய்ய இடமிருக்கிறது. கதவைத் தட்டாமல் நுழைபவரைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர், ‘நான் இவனில்லை’ என்று உறுதி கொள்கிறார். திரையில் இருப்பது இரண்டே பேர்தான் என்பதால், இவனில்லை என்றால் அந்த இன்னொருவன் நான் என்ற முடிவுக்கும் சுலபமாக வந்துவிடுகிறார். தான் நிற்பது நடுவில் என்று அவருக்குச் சொல்ல திரையில் யாரும் இல்லை.

இதற்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. நல்ல மாதிரி, கெட்ட மாதிரி இரண்டையும் காட்டிப் பயிற்சி தருவது பலன் தரும் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பால் டெய்லரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரு வகை மாதிரிகளையும் கலந்து காட்டிய பயிற்சிகளில், கற்றதை வேலையிடத்துக்கு எடுத்துச் செல்வது அதிகமாக இருந்தது. அப்படியானால் இந்த வீடியோக்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பதில் அந்தப் பயிற்சி முறையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் முதலில் கற்க வேண்டிய நடத்தைகளைப் பெயரிட்டு வரையறுக்கிறார்கள். பிறகு மாதிரியைக் காட்டுகிறார்கள். பிறகு கற்பவரே செய்து பார்க்கிறார். பிறகு அவருக்குத் திருத்தம் சொல்கிறார்கள். மாதிரியைக் காட்டுவது நாலில் ஒரு படி. நம் வீடியோக்கள் அந்த ஒரு படியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டன. முழுப் பயிற்சிக்குக் கிடைத்த நற்பெயரைப் பத்து நிமிடக் காட்சிக்குச் சூட்டுவது நியாயமில்லை. கெட்ட மாதிரியைக் காட்டுவதையே நான் எதிர்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். நான் கேட்பது, கற்பவர் உண்மையில் செய்யக்கூடிய கெட்ட மாதிரியை. மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன் என்பது அப்படிப்பட்ட ஒன்று. மேசை மேல் செல்போன் அடிப்பது அப்படிப்பட்டதல்ல.

இரண்டாவது மறுப்பு நடைமுறையிலிருந்து வருவது. தோற்றமும் நடத்தையும் நேர்காணலில் எடுபடுகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதைக் கற்றுக்கொடுப்பதில் என்ன தவறு என்பார்கள். எடுபடுகின்றன, மறுக்கவில்லை. முர்ரே பேரிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து இதையே காட்டினார்கள்: தோற்றம், உடல்மொழி, தன்னை உயர்த்திக் காட்டும் உத்திகள் ஆகியவை நேர்காணல் மதிப்பெண்ணை உயர்த்துகின்றன. ஆனால் அதே ஆய்வு இன்னும் இரண்டைச் சொன்னது. பிற்பாடு அந்த ஆள் வேலையில் எப்படி இருந்தார் என்பதோடு இவற்றுக்கு உள்ள உறவு மிகவும் பலவீனமானது. கேள்விகளும் மதிப்பிடும் முறையும் ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணலில் இவற்றின் செல்வாக்கு குறைகிறது. ஆகவே நடத்தை ஒரு வாசற்படி. தாண்டித்தான் ஆக வேண்டும், தாண்டியபின் அதன்மேலேயே நின்றுகொண்டிருப்பதில் லாபமில்லை. அந்தப் படியைத் தாண்ட ஒரு பக்கத் தாள் போதும்: நேரத்துக்கு வா, போனை அணை, தேய்த்த சட்டை போடு, சான்றிதழ்களை வரிசையாக வை, கம்பெனியின் இணையதளத்தைப் படி. வீட்டில் இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லாத மாணவருக்கு அந்தத் தாள் மிகவும் தேவை, கட்டாயம் கொடுங்கள். தாளில் அடங்குவதை நாடகமாக்கி, அதற்கு ‘நேர்காணல் திறன்’ என்று பெயர் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

பயிற்சி வகுப்புகளில் இந்த நாடகத்துக்கு அறிவியல் பூச்சாக ஒரு கணக்கைச் சொல்வார்கள்: பேச்சின் தாக்கத்தில் 7 விழுக்காடுதான் சொற்கள், 38 விழுக்காடு குரல், 55 விழுக்காடு முகமும் உடலும் என்று. ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் உடனாய்வாளர்களோடு செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்தது இது. ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்பதை, அவர் சொல்லும் சொல்லும் அவர் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு என்ற கேள்விக்கு 55 விழுக்காடு பதிலை முகத்தால் சொல்ல முடியாது.

மூன்றாவது மறுப்பு: ஒவ்வொரு துறைக்கும் கேள்வி வேறு, ஒவ்வொரு கம்பெனிக்கும் கேள்வி வேறு, எல்லோருக்கும் பொதுவான ஒரு வீடியோவில் உள்ளடக்கத்தை எப்படிக் கொண்டுவருவது? இந்தக் கேள்விதான் நோயின் வேரைக் காட்டிக்கொடுக்கிறது. பிளேஸ்மென்ட் பயிற்சியைக் கல்லூரிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சியாளரிடம் ஒப்படைக்கின்றன. அவருக்கு லேத்தும் தெரியாது, டேட்டாபேஸும் தெரியாது. தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. கை குலுக்குவதும் கண்ணைப் பார்ப்பதும் எல்லாத் துறைக்கும் பொது என்பதால் அவரால் கற்றுத்தர முடிந்ததே பாடமாகிவிட்டது. மாணவருக்கு எது தேவை என்பது அந்தத் தேர்வில் இடம்பெறவே இல்லை. உள்ளடக்கம் துறைக்குத் துறை மாறினாலும், நேர்காணல் செய்பவர்கள் குடைந்து கேட்கும் விதம் மாறுவதில்லை. ரெஸ்யூமேயில் உள்ள ஒரு வரியை எடுத்துக்கொண்டு, என்ன செய்தாய், எப்படிச் செய்தாய், சரியென்று எப்படித் தெரியும், எங்கே உடையும் என்று நாலு படி இறங்குவார்கள். இந்த நாலு படியையும் தன் மாணவரிடம் கேட்க அந்தந்தத் துறை ஆசிரியரால் முடியும். மெக்கானிக்கலுக்கு ஒன்று, சிவிலுக்கு ஒன்று, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒன்று என்று எடுக்க ஒரு செல்போனும் அரை நாளும் போதும்.

சரி, பயம் போகிறதே, அதுவும் ஒரு நன்மைதானே என்பது கடைசி மறுப்பு. நேர்காணல் அறை எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால் நடுக்கம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் எதைப் பற்றிய பயம் போகிறது? அறையைப் பற்றிய பயம் போகிறது. கேள்வியைப் பற்றிய பயம் அப்படியே இருக்கிறது, அல்லது இன்னும் மோசமாக, இருக்க வேண்டிய அளவுக்கு இல்லாமல் போகிறது. தன் புராஜெக்டை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கவைக்கும் அளவுக்குக் கொஞ்சம் பயம் மாணவருக்கு நல்லது. முதல் நாள் இரவு வீடியோ பார்த்துத் தெளிந்து தூங்குபவரைவிட, தன் ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரிக்கும் அந்த நாலு கேள்வியைக் கேட்டு, பதில் தெரியாத வரியை அடித்துவிடுபவருக்குப் பயம் உண்மையான காரணத்தால் போகிறது.

அப்படியானால் எப்படிப்பட்ட வீடியோ எடுக்க வேண்டும்? இரண்டு காட்சியிலும் ஒரே மாணவர், ஒரே சட்டை, ஒரே மரியாதை, ஒரே தரத்து ஆங்கிலம் இருக்கட்டும். பதில் மட்டும் மாறட்டும்; அதுவும் மோசமான பதிலும் நல்ல பதிலும் வேண்டாம், பரவாயில்லை என்ற பதிலும் நல்ல பதிலும் இருக்கட்டும். முதல் பதில் முடிந்ததும் வீடியோவை நிறுத்தி, பார்ப்பவர்களை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். போட்டதற்கு ஒரு வரிக் காரணமும் எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பதிலுக்கு ஐந்து போட்டிருந்தால் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு இரண்டாவது பதிலைக் காட்டி, எது கூடியது என்று கேளுங்கள். கடைசியாக வீடியோவை மூடிவிட்டு, ஒவ்வொருவரின் ரெஸ்யூமேயிலிருந்தும் ஒரு வரியை எடுத்து அதே நாலு படியில் இறங்குங்கள். இப்போது கையில் இருக்கும் பழைய வீடியோக்களுக்கும் ஒரு சோதனை உண்டு. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு வகுப்பில் போட்டுக் காட்டுங்கள். எது தவறான நேர்காணல், எது சரியான நேர்காணல் என்று ஒரு சொல்கூடக் கேட்காமல் மாணவர்கள் சொல்லிவிட்டால், அந்த வீடியோ நேர்காணலைப் பற்றியதே அல்ல என்று வைத்துக்கொண்டு வேறு எடுங்கள்.